10 வயதில் ஒரே விளையாட்டு, 15 வயதில் விளையாட்டே இல்லை

எங்கட நாட்டில் ஒரு பிள்ளையின் விளையாட்டுக் காலம் தலைகீழாக ஓடுது. தரம் 4, 5 படிக்கேக்கையே "இவன் கிரிக்கெட் பிள்ளை", "இவள் நீச்சல் பிள்ளை" எண்டு முத்திரை குத்தி மற்ற விளையாட்டு எல்லாத்தையும் நிப்பாட்டுகினம். அதே பிள்ளை தரம் 10க்கு வந்ததும் "ஓ.எல். வருது, இனி விளையாட்டு காணும்" எண்டு அந்த ஒண்டையும் பறிக்கினம். பல விளையாட்டு விளையாட வேண்டிய வயதில் ஒண்டு. ஒண்டில் ஊன்ற வேண்டிய வயதில் பூச்சியம். இந்த ஒழுங்கைத் திருப்பிப் போட வேணும் எண்டதுதான் எங்கட வாதம்.

இதைச் சொன்ன உடனே "சின்னனில தொடங்கினாத்தானே பெரிய ஆளா வரலாம்" எண்டு ஆரும் எங்களை மறிக்கினம். சின்ன வயதில் தொடங்கிறதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆறு வயதில் துடுப்பைப் பிடிக்கட்டும், நல்லது. ஒண்டைத் தொடங்கிறதும் மற்றதெல்லாத்தையும் விடுறதும் இரண்டு வேறு காரியங்கள். நாங்கள் எதிர்க்கிறது இரண்டாவதை.

விளையாட்டு மருத்துவத்தில் ஒரு பிள்ளை ஒரே விளையாட்டில் பூட்டுப்பட்டிட்டுதா எண்டு பார்க்க மூன்று கேள்வி கேட்பார்கள். ஒரு விளையாட்டைத்தான் பிரதானமாக விளையாடுதா? வருசத்தில் எட்டு மாதத்துக்கு மேல் அதிலேயே பயிற்சி எடுக்குதா? அதுக்காக மற்ற விளையாட்டுகளை விட்டிட்டுதா? மூன்றுக்கும் ஓம் எண்டால் அந்தப் பிள்ளை முழுதாகப் பூட்டுப்பட்ட பிள்ளை. உங்கட தம்பி, தங்கச்சி, மாமான்ர மகன் எண்டு ஒவ்வொருவரையும் நினைச்சு இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கோ.

ஒரு பந்துவீச்சாளப் பெடியனின் கிழமை

பொதுவாகக் கதைச்சுப் பிரயோசனம் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பம். எங்கட ஊர்களில் எங்கேயும் இருக்கக்கூடிய ஒரு பெடியன். வயது 12. வலக்கை வேகப்பந்து. பாடசாலையின் 13 வயதுப் பிரிவில் விளையாடுறான். நல்லா வீசுறபடியால் 15 வயதுப் பிரிவுக்கும் கூப்பிடுகினம். சனிக்கிழமையில் ஒரு தனியார் அக்கடமிக்கும் போறான்.

திங்கள், புதன், வெள்ளி பின்னேரம் பாடசாலை வலைப்பயிற்சி. ஒவ்வொரு நாளும் 60 பந்து, மொத்தம் 180. செவ்வாய் 15 வயதுப் பிரிவு மட்ச், 6 ஓவர், 36 பந்து. சனி அக்கடமி, 48 பந்து. ஞாயிறு 13 வயதுப் பிரிவு மட்ச், 8 ஓவர், 48 பந்து. எல்லாத்தையும் கூட்டினால் 312 பந்து. ஏழு நாளில் ஆறு நாள் வீசியிருக்கிறான்.

இங்கிலாந்து கிரிக்கெட் சபை சிறுவர் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஒரு வரையறை வைச்சிருக்கு. 13 வயதுப் பிரிவில் ஒரு தொடரில் 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர். அதுக்கு மேல் இல்லை. ஏழு நாளில் நாலு நாளுக்கு மேல் வீசக்கூடாது எண்டும் அங்கே சொல்லுகினம். எங்கட பெடியன்ர கிழமையைத் திரும்பப் பாருங்கோ. ஒரு நாளாவது 10 ஓவரைத் தாண்டினானா? இல்லை. 60 பந்து எண்டது சரியாக 10 ஓவர். ஒவ்வொரு நாளையும் தனியாகப் பார்த்தால் எல்லாம் வரையறைக்குள்தான் இருக்குது.

கோளாறு இங்கேதான். பாடசாலைப் பயிற்றுநர் தன்ர 180 பந்தைக் காணுறார். 15 வயதுப் பிரிவின் சேர் தன்ர 36ஐக் காணுறார். அக்கடமிக்காரர் 48ஐக் காணுறார். 312ஐக் காணுற ஆள் ஒருத்தரும் இல்லை. அதைக் காணுறது அந்தப் பெடியன்ர முதுகு மட்டும்தான்.

முதுகில் என்ன நடக்குது? வேகப்பந்து வீசேக்கை முன்கால் தரையில் குத்துற கணத்தில் உடம்பு ஒரே நேரத்தில் பின்னுக்கு வளைஞ்சு, பக்கவாட்டில் சரிஞ்சு, முறுகுது. உடல் நிறையின் பல மடங்கு விசை கீழ் முதுகுக்கு ஏறுது. அதில் அடிபடுறது இடுப்புக்கு மேலே இருக்கிற கடைசி இரண்டு முள்ளெலும்புகளின் பின்பக்கம், ஒரு ஒடுங்கலான எலும்புப் பாலம். வலக்கையால் வீசுறவனுக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் அது முதலில் வெடிக்கும். விழுந்து முறியிற முறிவு இல்லை இது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைச்சு முறிக்கிற மாதிரி வாற முறிவு.

இது ஏன் 13, 14 வயதில் அதிகம் பிடிக்குது? பெடியள் வேகமாக நெடுக்கிற காலம் சராசரியாக 14 வயதை ஒட்டி வரும். பெட்டையளுக்கு 12ஐ ஒட்டி. எலும்பு முதலில் நீளும். அதுக்குள்ளே கனிப்பொருள் படிஞ்சு இறுகிறது அதுக்குப் பிறகு மாதக்கணக்கில் பிந்தித்தான் நடக்கும். இந்த இடைவெளியில் பிள்ளை நெடுவலாக, பலசாலியாகத் தெரியும், வேகமாகவும் வீசும். எலும்பு மட்டும் இன்னும் பச்சை. "பெடியன் வளர்ந்திட்டான், இனி நல்லா வீசலாம்" எண்டு நாங்கள் கூடுதலாகக் குடுக்கிறது சரியாக அந்த மாதங்களில்தான்.

அறிகுறிகள் பெரிசாகத் தெரியாது. வீசின பிறகு கீழ் முதுகில் ஒரு பக்கம் நோகும். இரண்டு நாள் விட்டால் போயிடும். திரும்ப வீசினால் திரும்ப வரும். ஒற்றைக் காலில் நிண்டு பின்னுக்கு வளைஞ்சால் அதே இடத்தில் குத்தும். இந்தச் சோதனை மட்டும் எதையும் உறுதிப்படுத்தாது. ஆனால் டொக்டரிட்டப் போக அது போதுமான காரணம். சாதாரண எக்ஸ்ரேயில் ஆரம்ப வெடிப்பு பிடிபடாமலே போகலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கானில்தான் தெரியும். "எக்ஸ்ரே எடுத்தம், ஒண்டும் இல்லை" எண்டு எண்ணெய் பூசித் திரும்பவும் மைதானத்துக்கு அனுப்பிறது எங்கட ஊர் வழக்கம். நேரத்தோடு பிடிச்சால் மூன்று தொடக்கம் ஆறு மாதம் வீசாமல் இருக்க எலும்பு பொருந்தும். பிந்தினால் பொருந்தாமலே விடக்கூடும்.

"அப்ப மூன்று விளையாட்டிலும் சேர்த்து விடுவம்"

இதை வாசிச்சிட்டு ஆராவது பிள்ளையைக் காலமை உதைபந்தாட்டம், பின்னேரம் கிரிக்கெட், இரவு பட்மின்டன் எண்டு அனுப்பினால் அது எங்கட வாதம் இல்லை. பல விளையாட்டு எண்டது ஒரே நேரத்தில் மூன்று ரீமுக்கு வேலை செய்யிறது அல்ல. பருவத்துக்குப் பருவம் மாறுறதுதான் அதின்ர உயிர். ஒரு தவணை கிரிக்கெட், அடுத்த தவணை உதைபந்து, மெய்வல்லுநர் காலத்தில் ஓட்டமும் பாய்ச்சலும்.

எந்த விளையாட்டோடு எதைச் சேர்க்கிறம் எண்டதும் முக்கியம். வேகப்பந்து வீசுற பெடியனை மெய்வல்லுநர் போட்டி வந்த உடனே ஈட்டி எறிய விடுகினம், "நல்ல கை இருக்கு" எண்டு. ஈட்டியும் அதே தோளை, அதே முதுகை, அதே முறுக்கத்தோடுதான் கேட்குது. பெயருக்கு இரண்டு விளையாட்டு, எலும்புக்கு ஒண்டுதான். அவனை 800 மீற்றர் ஓட விடுங்கோ, நீந்த விடுங்கோ, உதைபந்து விளையாட விடுங்கோ.

மொத்த நேரத்துக்கும் ஒரு எளிய அளவு இருக்கு. ஒழுங்குபடுத்தின பயிற்சியும் மட்சும் சேர்ந்து, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் எண்டது பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது. 12 வயதெண்டால் 12 மணித்தியாலம். அமெரிக்காவில் 7 தொடக்கம் 18 வயது வரையான சுமார் 1,200 பேரைப் பார்த்த ஆய்வில் அதைத் தாண்டினவர்களுக்குக் கடுமையான காயங்கள் கூடுதலாக இருந்தது. ஒழுங்குபடுத்தின விளையாட்டு, சும்மா விளையாடுற விளையாட்டின் இரண்டு மடங்கைத் தாண்டினவர்களுக்கும் அப்படித்தான்.

சும்மா விளையாடுறது எண்டதைக் கவனியுங்கோ. அதுக்குப் பயிற்றுநர் வேண்டாம், காசு வேண்டாம். "எங்கட பாடசாலையில இருக்கிறது ஒரு மைதானம், ஒரு சேர், எங்க பல விளையாட்டு?" எண்டு கேட்பவர்களுக்கு எங்கட பதில் கிளித்தட்டு. கோட்டைக் காக்கிறவனை ஏமாத்தி உள்ளே பூர்றதும், உடம்பை ஒரு பக்கம் காட்டி மற்றப் பக்கம் பாயிறதும், பின்னால் இருக்கிற கிளியை ஒரு கண்ணால் பார்க்கிறதும் அதில் இருக்குது. ஒரு உதைபந்தாட்டக்காரன் பின்காவலனைத் தாண்டப் படிக்கிறது இதைத்தான். எல்லேயில் பறந்து வாற பந்தை ஓடிப் பிடிக்கிறவனுக்குக் கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டில் நிக்கச் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை. ஊரில் சும்மா கிடந்த இதுகளை நேர விரயம் எண்டு ரியூசனுக்கு வித்துப்போட்டு, அதே சுறுசுறுப்பைக் காசு குடுத்து அக்கடமியில் கூம்பு வைச்சுப் படிப்பிக்கிறம்.

"கொழும்புப் பெடியள் முந்திடுவாங்கள்"

எங்களுக்கு எதிரான வாதங்களில் வலுவானது இதுதான், அதை மழுப்பாமல் எடுப்பம். ஒன்பது வயதில் ஒரே விளையாட்டில் இறக்கின பிள்ளை 13 வயதுப் பிரிவில் வெல்லும். உண்மை. மூன்று மடங்கு பயிற்சி எடுத்தவன் அந்த வயதில் முன்னுக்கு நிப்பான், சந்தேகம் இல்லை. கேள்வி, அவன் 22 வயதில் எங்கே நிப்பான் எண்டது.

குலிக், மக்னமாரா, ஹம்பிரிக் எண்ட மூன்று ஆய்வாளர்கள் 2022இல் வந்த கட்டுரையில் 6,000க்கு மேற்பட்ட விளையாட்டு வீரர்களின் தரவுகளை ஒண்டாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சிறுவர் மட்டத்தில் உச்சிக்குப் போனவர்கள் தங்கட விளையாட்டைக் கெதியாகத் தொடங்கி, அதில் அதிகம் பயிற்சி எடுத்து, மற்றதைக் குறைச்சவர்கள். வளர்ந்தவர்கள் மட்டத்தில் படம் நேர்மாறு. உலகத் தரத்துக்குப் போனவர்கள், தேசியத் தரத்தோடு நிண்டவர்களை விடச் சின்ன வயதில் மற்ற விளையாட்டுகளைக் கூடுதலாக விளையாடி, தங்கட விளையாட்டைப் பிந்தித் தொடங்கி, முதலில் மெதுவாகத்தான் முன்னேறியிருக்கினம். இது ஒரு தொடர்பைக் காட்டுது, காரணத்தை நிரூபிக்கவில்லை. பல விளையாட்டு விளையாடின எல்லாரும் உலகத் தரத்துக்குப் போவினம் எண்டு ஆரும் சொல்லேலாது. ஆனால் "ஒன்பது வயதில் பூட்டாட்டி வாய்ப்பே இல்லை" எண்ட பயமுறுத்தலுக்கு இதுக்குப் பிறகு இடமில்லை.

எங்கட பக்கத்தில் இருந்து பரப்புற ஒரு கதையையும் இங்கே ஒதுக்கி வைக்கிறம். ஏபி டி வில்லியர்ஸ் ஹொக்கி, றக்பி, நீச்சல், பட்மின்டன் எல்லாத்திலும் சாம்பியன் எண்டு ஒரு பட்டியல் முகநூலில் சுத்துது. அதில் பெரும்பகுதி உண்மையில்லை எண்டு அவரே தன் சுயசரிதையில் எழுதிவிட்டார். பொய்க் கதை எங்களுக்குத் தேவையில்லை, நாட்டுக்குள்ளேயே ஆள் இருக்கினம். லசித் மாலிங்க காலிக்குப் பக்கத்தில் ரத்கமவில் கடற்கரையில் மென்பந்து விளையாடி வளர்ந்தவர், கடினப்பந்துக்கு வந்ததே பதின்ம வயதின் பிற்பகுதியில். முரளிதரன் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் முதலில் மிதவேகப் பந்துவீச்சாளர். 14 வயதளவில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொல்லித்தான் சுழலுக்கு மாறினார். ஒரே விளையாட்டுக்குள்ளேயே 14 வயதில் ஒரு பிள்ளை ஆரெண்டு முடிவாகவில்லை. அப்ப ஒன்பது வயதில் எந்தத் துணிவில் முடிவெடுக்கிறம்?

அப்ப இந்த அவசரத்தால் ஆருக்கு லாபம்? 13 வயதுக் கிண்ணம் கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கப்படும். அதிபரின் மேடைப் பேச்சில் ஒரு வரி ஏறும். பயிற்றுநருக்கு அடுத்த வருசமும் வேலை இருக்கும். அக்கடமிக்கு 12 மாதமும் கட்டணம் வரும், ஏனெண்டால் மூன்று மாதம் உதைபந்துக்குப் போற பிள்ளை மூன்று மாதக் காசு கட்டாது. இதில் ஒருத்தரும் கெட்ட ஆள் இல்லை. ஆனால் ஒருத்தருக்கும் அந்தப் பிள்ளையின் 22 வயதில் பங்கில்லை.

எப்ப ஒண்டில் இறங்கலாம்?

எல்லா விளையாட்டுக்கும் ஒரே வயது எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஜிம்னாஸ்ரிக்ஸ், டைவிங் மாதிரி உடம்பு சின்னதாக, இலகுவாக இருக்கேக்கையே கடினமான அசைவுகளைப் படிக்க வேண்டிய விளையாட்டுகள் முந்தித் தொடங்கத்தான் வேணும். அவைக்குக் குடுக்கிற விலையும் பெரிசு. அதனால்தான் ஜிம்னாஸ்ரிக்ஸில் பெண்களுக்கான ஒலிம்பிக் வயதெல்லையை 1997இல் இருந்து 16 ஆக்கினார்கள். கிரிக்கெட், உதைபந்து, கரப்பந்து, வலைப்பந்து, ஓட்டம் எறிதல் எல்லாம் இந்த வகை அல்ல. அதுகளில் உச்சம் 20களில்தான் வரும். அவசரம் இல்லை.

இந்த விளையாட்டுகளுக்கு நாங்கள் ஏற்கிற ஒழுங்கு, கனடாவின் ஜோன் கோற்றே போன்றவர்கள் சொன்ன ஒழுங்குதான். 12 வயது வரை பல. 13 தொடக்கம் 15 வரை இரண்டாகக் குறைக்கலாம், அதில் ஒண்டு பிரதானமாக இருக்கலாம். 15, 16க்குப் பிறகு விருப்பமான பிள்ளை ஒண்டில் முழுதாக இறங்கலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வயதுதான். அதோடு கிழமைக்கு ஒண்டு இரண்டு நாள் ஓய்வு, வருசத்தில் மொத்தம் மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விடுப்பு, அதை ஒவ்வொரு மாதமாகப் பிரிச்சு எடுக்கலாம் எண்டும் சொன்னார்கள்.

பிறந்த திகதியை மட்டும் நம்பவும் ஏலாது. ஒரே வகுப்பில் ஒருத்தன் 12இல் நெடுத்திடுவான், இன்னொருத்தன் 15இல். செலவில்லாத வழி ஒண்டு: வீட்டுச் சுவரில் மூன்று மாதத்துக்கு ஒருக்கா உயரத்தைக் கோடு போடுங்கோ. இரண்டு கோட்டுக்கும் இடையில் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் வந்தால் பிள்ளை வேகமாக நெடுக்கிற காலத்தில் நிக்குது. அந்தக் கோடுகள் திரும்ப நெருங்கும் வரைக்கும் பந்து எண்ணிக்கையைக் கூட்டாதேங்கோ, புதுப் பிரிவுக்கு ஏத்தாதேங்கோ, ஒண்டில் பூட்டாதேங்கோ.

இந்த வாதம் பெட்டையளுக்கு வேறு மாதிரி நிக்குது எண்டதையும் சொல்ல வேணும். எத்தனையோ பாடசாலைகளில் அவைக்குக் கிடைக்கிறது வலைப்பந்து ஒண்டுதான். அதுவும் வயதுக்கு வந்த பிறகு "இனி என்ன விளையாட்டு" எண்டு நிண்டு போகுது. ஒண்டா பலவா எண்டு தெரிவு செய்யிற இடத்துக்கே அவை வரேல்லை. அவைக்கு முதல் கோரிக்கை இரண்டாவது பந்து ஒண்டு.

இப்ப தொடக்கத்தில் சொன்ன தலைகீழ் ஒழுங்கை இந்த வயதுகளுக்குப் பக்கத்தில் வைச்சுப் பாருங்கோ. ஒண்டில் இறங்கலாம் எண்டு மருத்துவம் சொல்லுற 15, 16 வயதுதான் எங்கட ஓ.எல். வயது. எலும்பு இறுகி, விருப்பம் தெளிஞ்சு, பிள்ளை தானாகவே "இதுதான் என்ர விளையாட்டு" எண்டு சொல்லத் தொடங்கிற நேரத்தில் நாங்கள் சப்பாத்தை வாங்கி ஒளிச்சு வைக்கிறம். முதல் ஐந்து வருசமும் கசக்கிப் பிழிஞ்ச உடம்பை, பலன் தர வேண்டிய வருசத்தில் ரியூசன் கதிரையில் இருத்துறம்.

ஆகவே எங்கட கோரிக்கைகள் மூன்று. முதலாவது, 13 வயதுக்குக் கீழே எந்தப் பயிற்றுநரும் "எங்கட ரீமில நிக்கிறதெண்டால் மற்ற விளையாட்டுக்குப் போகக்கூடாது" எண்டு சொல்லக்கூடாது. சொன்னால் பெற்றார் எதிர்த்துக் கேட்க வேணும். இரண்டாவது, வேகப்பந்து வீசுற ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு சின்னக் கொப்பி இருக்க வேணும். பாடசாலை, அக்கடமி, மட்ச் எல்லாத்திலும் வீசின பந்து அதிலேயே எழுதப்பட வேணும், எல்லாச் சேர்மாரும் அதைப் பார்த்துத்தான் பந்தைக் குடுக்க வேணும். 312ஐக் காண ஒரு ஆளாவது வேணும். மூன்றாவது, தரம் 10, 11 பிள்ளைக்குக் கிழமையில் மூன்று பின்னேரத்தை விடுங்கோ. மூன்று பின்னேரத்தால் ஆரும் ஓ.எல். கோட்டை விட்டதில்லை எண்டு சொல்ல மாட்டம். ஆனால் ஐந்து பாடத்துக்கு ஏழு ரியூசன் போய்க் கோட்டை விட்ட ஆக்களை எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் இந்த வருசம் ஒரு சின்னப் பிரிவுக்கு உதவிப் பயிற்றுநராக நிப்பியள், இல்லாட்டித் தம்பியை மைதானத்துக்கு ஏத்தி இறக்குவியள். கொப்பி வாங்கப் பெரிய காசு வேண்டாம். அடுத்த திங்கட்கிழமை வலைப்பயிற்சியில் முதல் பந்தில் இருந்து எண்ணத் தொடங்குங்கோ.